ஓடை ஏன் சிவந்து கிடக்கிறது?

மலைச்சரிவு விளைநிலங்களுக்கு மண் இழப்பு வரைபடம் போட்டுப் பார்ப்பவர்களுக்கு முதல் முறை பெரும்பாலும் இதுதான் நடக்கும்: வயல்களெல்லாம் வெளிர் மஞ்சள், ஓடைகள் மட்டும் கடுஞ்சிவப்பு. மண் போவது வயலிலிருந்து, சிவப்பது ஓடை. கோளாறு, சரிவின் நீளத்தையும் செங்குத்தையும் சேர்த்துச் சொல்லும் LS அடுக்கில் இருக்கிறது.

```
A = R * K * LS * C * P
```

விஷ்மையரும் ஸ்மித்தும் அமெரிக்க வேளாண் துறைக்காக வகுத்த சூத்திரம் இது. R மழையின் அரிக்கும் திறன், K மண் அரிபடும் தன்மை, C பயிர் மூடாக்கு, P வரப்பு போன்ற தடுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு ராஸ்டர், அதாவது கட்டம் கட்டமாக மதிப்புகள் நிறைந்த வரைபட அடுக்கு. கட்டத்துக்குக் கட்டம் பெருக்கினால் ஆண்டுக்கு எக்டருக்கு இத்தனை டன் என்று விடை வரும். LS மட்டும் ஓர் ஒப்பீடு. 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட சோதனைப் பாத்தியில் அது 1. நம் நிலம் அதைப்போல எத்தனை மடங்கு மண்ணை இழக்கும் என்பதே கேள்வி.

```
LS = (FA*10/22.13)^0.4 * (sin(slope*0.01745)/0.0896)^1.3
```

FA என்பது ஒரு கட்டத்துக்கு மேலிருந்து நீர் வடியும் கட்டங்களின் எண்ணிக்கை. 10 என்பது கட்டத்தின் பக்கம், மீட்டரில். 0.01745 பாகையை ரேடியனாக்குகிறது. அதை மறந்தால் 10 பாகைச் சரிவின் சைன் எதிர்மதிப்பாகி, அந்தக் கட்டங்கள் வரைபடத்தில் ஓட்டையாக நிற்கும். ஓட்டை விழுவதே நல்லது, தவறு கண்ணில் படுமே!

இப்போது ஒரு வயல் கட்டம். சரிவு 10 பாகை, FA 4 என்றால் LS ஏறத்தாழ 3. R 5000, K 0.03, C 0.3, P 0.5 என்று வைத்தால் எக்டருக்கு 67.5 டன் வருகிறது. மேற்பரப்பில் ஆண்டுக்கு சுமார் 5 மில்லிமீட்டர் மண் போகிறது. அதிகம்தான், ஆனால் செங்குத்து நிலத்தில் நம்பக்கூடிய எண்.

மற்றதையெல்லாம் அப்படியே வைத்து FA-வை மட்டும் 5000 ஆக்குங்கள். ஓடைக் கட்டத்தில் அது சாதாரணம். LS 52-ஐத் தொடும். இழப்பு 1,100 டன்னைத் தாண்டும். ஆண்டுக்கு 9 சென்டிமீட்டர்! சூத்திரம் பாத்தியில் மெல்லிய தகடாக ஓடும் நீருக்கும் சிறு கீறல்களுக்கும் உரியது. நீர் ஒன்றுசேர்ந்து வாய்க்காலான இடத்தில் அதற்கு வேலையே இல்லை. மண் படிவதையும் அது கணக்கிடாது.

ஆகவே FA-வுக்கு உச்சவரம்பு வையுங்கள். நான் 12 கட்டம், அதாவது 120 மீட்டர் வைப்பேன். அதே சரிவில் LS 4.7-க்குள் அடங்கிவிடும். ஓடைக் கட்டங்களை அப்படியே நீக்கிவிடுவது இன்னும் நேர்மையானது. சாலையும் பெரிய வரப்பும் நீரை வெட்டித் திருப்பும் இடங்களிலும் நீளத்தை அங்கேயே முறித்துவிட வேண்டும்.

படிக்கட்டு வயல்களில் வேறு சிக்கல். கட்டத்தின் பக்கம் 30 மீட்டராக உள்ள உயர ராஸ்டருக்குப் படிகள் தெரியாது. மலையின் மொத்தச் சரிவையே வயலின் சரிவாகக் கொள்ளும். அங்கே P-யைக் குறைப்பது சரி. ஆனால் படிகள் தெளிவாகத் தெரியும் 1 மீட்டர் ராஸ்டரில் LS ஏற்கெனவே குறைந்திருக்கும். அங்கும் P-யைக் குறைத்தால் ஒரே படிக்கு இரண்டு முறை கழிவு கொடுத்ததாகிவிடும்.