டெல்லிக் குளிர் போதாத கோதுமை

டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் பூசா வளாகத்துப் பக்கம் நடக்கிற தமிழர்களுக்குக் கோதுமை பழகிய பயிர். நவம்பர் முதல் பாதியில் விதைத்தால் பிப்ரவரியில் கதிர் வெளியே வந்துவிடும். அதே நாளில் பக்கத்துப் பாத்தியில் இங்கிலாந்தின் குளிர்காலக் கோதுமையைப் போட்டால் என்ன ஆகும்? தூர் தூராகக் கிளைத்து, தரையோடு படர்ந்து, புல்லாகவே நிற்கும். உரமும் தண்ணீரும் எவ்வளவு கொடுத்தாலும் சரி, பிப்ரவரியில் கதிர் வராது. ஏப்ரல் வெயில் அடிக்கும்போதுதான் அது மெல்ல யோசிக்கும். அதற்குள் மணி பிடிக்கும் காலம் போய்விடும்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜனவரியில் இரண்டு பாத்தியிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, தூரின் அடியைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே இருக்கும் நுனிக்குருத்தை நல்ல லென்ஸில் பாருங்கள். டெல்லி ரகத்தில் அது நீண்டு, பக்கவாட்டில் இரட்டை இரட்டையாக வரப்புகள் எழுந்திருக்கும். ஒவ்வொரு இரட்டையிலும் மேல் வரப்பே பின்னால் கதிரின் சிறுகதிர் ஆகும். இங்கிலாந்து ரகத்தில் வழவழப்பான குட்டி மேடுதான் இருக்கும். அது இன்னும் இலை மட்டுமே செய்துகொண்டிருக்கிறது.

அந்த மேடு கதிர் செய்யத் தொடங்க இரண்டு அனுமதிகள் வேண்டும். முதலாவது குளிர். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் முளைக்கும் செடி உடனே கதிர் விட்டால், வருகிற பனியில் கதிர் செத்துவிடும். அதனால் வி.ஆர்.என்-2 என்ற மரபணு பூக்கும் வழியை அடைத்து வைக்கிறது. 0 முதல் 10 டிகிரிக்குள் ஆறு முதல் எட்டு வாரம் குளிர் பட்டால் வி.ஆர்.என்-1 மெல்ல மெல்ல விழித்து, அந்த அடைப்பை விலக்கும். இதுதான் தட்பப்பதனம். டெல்லியில் ஜனவரி இரவு 7, 8 டிகிரிக்கு இறங்கினாலும் பகல் 20 வரை ஏறிவிடுகிறது. நமக்கு நடுங்கும் குளிர்தான், அந்தச் செடியின் கணக்கில் அது அரைகுறைக் குளிர்.

இரண்டாவது பகலின் நீளம். கோதுமை இயல்பில் நீள்பகல் தாவரம். பகல் நீள நீள, பிபிடி-1 என்ற மரபணு இலைக்குள் எஃப்டி என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டும். அந்தப் புரதம் சாற்றோடு நுனிக்குருத்துக்குப் போய் ‘இலை போதும், கதிர் செய்’ என்று சொல்கிறது. டெல்லியில் டிசம்பர் பகல் பத்தேகால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், பிப்ரவரி நடுவிலும் பதினொன்றைச் சற்றே தாண்டும். நீள்பகலுக்குக் காத்திருக்கும் ரகத்துக்கு அது போதாது.

அப்படியானால் டெல்லி ரகம் எப்படிக் கதிர் விடுகிறது? அது வசந்தகாலக் கோதுமை வகை, அதன் வி.ஆர்.என்-1 குளிருக்குக் காத்திராமலே விழித்துக்கொள்ளும். பகல் பூட்டும் அதில் கிட்டத்தட்ட உடைந்தது. பிபிடி-1இன் முன்பகுதியில் சுமார் 2,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு காணாமல் போன ஒரு வடிவம் அதில் உண்டு. அந்த மரபணு பகல் எவ்வளவாக இருந்தாலும் வேலை செய்யும். அமெரிக்கப் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் ஒரே ஆண்டில் இரண்டு போகம் எடுத்தார். ஒன்று தாழ்வான சோனோராவில், மற்றொன்று உயரமான தொலூகாவில், வேறு அட்சரேகையில், வேறு பகல் நீளத்தில். இரண்டிலும் தேறிய செடிகளையே அவர் வைத்துக்கொண்டதால், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத கோதுமை தானாகவே தேர்வாகிவிட்டது. 1963இல் அவர் இந்தியா வந்தார். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் பூசாவில் அந்த ரகங்களைச் சோதித்தார். 1966இல் 18,000 டன் மெக்சிகோ விதை இறக்குமதியானது. அந்த ரகங்களின் குட்டைத் தண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதோடு வந்த இந்தப் பகல் விடுதலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

நெல், சோயா, செவ்வந்தி எல்லாம் மறுபக்கம்: குறும்பகல் தாவரங்கள். தஞ்சாவூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். பழைய சம்பா ரகங்கள் பல அதைக்கூடக் கணக்கிட்டன. முன்னால் விதைத்தாலும் பகல் குறுகும்வரை பூக்காமல் நின்றன.

உண்மையில் இவை அளப்பது இரவின் நீளத்தை. இருட்டின் நடுவே சில நிமிடம் சிவப்பு ஒளி பட்டாலே இலையிலிருக்கும் பைட்டோகுரோம் நிறமி விழித்து, நீண்ட இரவை இரண்டு குட்டி இரவுகளாக ஆக்கிவிடும். டெல்லி பால்கனியில் செவ்வந்தித் தொட்டி டிசம்பரிலும் தழைத்துக்கொண்டே இருந்து மொட்டு வைக்கவில்லை என்றால், உரத்தைக் கூட்டுவதற்கு முன் இரவில் பக்கத்து விளக்கு அதன்மேல் அடிக்கிறதா என்று பாருங்கள். விளக்குப் பக்கக் கிளைகள் பச்சையாகவும் நிழல் பக்கக் கிளைகள் மொட்டோடும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் தினமும் மாலை ஆறிலிருந்து காலை எட்டு மணிவரை கருப்புத் துணியால் வெளிச்சம் கசியாமல் மூடுங்கள். மொட்டு கண்ணுக்குத் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை ஒரு இரவும் விடக்கூடாது.