நிமிடத்துக்கு 150: ஈசிஜி துண்டில் ஒளிந்திருக்கும் ஃப்ளட்டர்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் 52 வயதுப் பெண் ஒருவர். காலையிலிருந்தே நெஞ்சு படபடக்கிறது, ஏற்றத்தில் ஏற மூச்சு வாங்குகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் லீட் 2 துண்டைப் படம்பிடித்து போனில் அனுப்பினார்கள். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி, அதற்குள் ஐந்து சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 0.04 விநாடி. ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனைதான் ஆர் முனை. ஓர் ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனைக்குச் சரியாக இரண்டு பெரிய கட்டம். ஒரு நிமிடத்தில் 300 பெரிய கட்டம், அதை இரண்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 150 துடிப்பு. கூர்முனைகள் ஒடுங்கியவை, இடைவெளி மாறவே இல்லை.

காய்ச்சல், நீரிழப்பு, பயம் இவற்றால் இதயம் இயல்பாகவே வேகமாக அடிப்பதும் இப்படித் தெரியலாம். 52 வயதுக்கு 150 எட்டக்கூடிய எண்தான். ஆனால் அந்த வகை வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். படுக்கவைத்து அரை மணி கழித்துப் பார்த்தால் 138 ஆகவோ 145 ஆகவோ நகர்ந்திருக்கும். இவருக்கு அரை மணி கழித்தும் அதே 150. அசையாத 150ஐக் கண்டால் முதலில், மேலறை சீராக ஆனால் மிக வேகமாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் ஃப்ளட்டர் உருவாகும் விதத்தில் இருக்கிறது. வழக்கமான வகையில், வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி ஒரே மின்னலை ஓயாமல் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 300. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஏவி கணு அத்தனையையும் கீழே விடுவதில்லை. பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்றுதான் போகும். அதனால்தான் 150.

அப்படியானால் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் வாள்பல் போன்ற அலைகள் தெரிய வேண்டுமே? தெரியும், ஆனால் இரண்டில் ஒன்று, கீழறைத் துடிப்பின் கூர்முனையான கியூஆர்எஸ்ஸுக்குள்ளோ அதன் வாலிலோ புதைந்துவிடும். மிஞ்சியது, கூர்முனைக்கு முன்னால் வரும் பி அலை போலவோ பின்னால் வரும் டி அலை போலவோ வேடமிட்டு நிற்கும். இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு: இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் சரிபாதியில் ஒரு மேடு இருந்தால், அதே மேடு கூர்முனைக்குள்ளும் இருக்கிறதா என்று தேடுங்கள். இவருடைய படத்தில் ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸின் முடிவிலும் ஒரு சிறு மடிப்பு இருந்தது. நடு மேட்டிலிருந்து அதற்குள்ள தூரம் ஐந்து சின்னக் கட்டம், அதாவது ஒரு சுற்றுக்கான அதே 0.2 விநாடி.

சரி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை எப்படிப் பிரிப்பது? அதில் ஒழுங்கான சுற்று கிடையாது. பல சிற்றலைகள் தாறுமாறாக ஓடி, மேலறை நிமிடத்துக்கு 350க்கு மேல் நடுங்கும். கணுவைத் தாண்டி வருவது எப்போது என்று சொல்ல முடியாது. ஆகவே பி அலை இல்லை, இடைவெளிகளிலும் எந்த முறையும் இல்லை.

குழப்பம் வருவது, ஃப்ளட்டரில் கணு ஒரு முறை இரண்டுக்கு ஒன்று, அடுத்து மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று விடும்போதுதான். அப்போது அதுவும் ஒழுங்கற்றதாகவே தோன்றும். ஒரு தாளின் விளிம்பைத் துண்டின் மேல் வைத்து ஆர் முனைகளைக் குறித்துக்கொண்டு, சின்னக் கட்டங்களை எண்ணுங்கள். 10, 15, 10, 20, 15 என்று வந்தால் எல்லாம் ஏறத்தாழ ஐந்தின் மடங்குகள். ஒரு கட்டம் முன்பின் வந்தாலும் முறை இருக்கிறது, எனவே ஃப்ளட்டர். 11, 17, 9, 13, 22 என்று வந்தால் ஃபிப்ரிலேஷன். இந்தச் சோதனைக்கு ஆறு விநாடித் துண்டு போதாது, நீளமான துண்டு கேளுங்கள். மிக வேகமான ஃபிப்ரிலேஷன் கண்ணுக்குச் சீராகத் தெரியும். எண்ணினால்தான் வித்தியாசம் பிடிபடும்.

நுவரெலியாப் பக்கத்தில் இன்னொரு தொல்லை குளிர். நடுங்கும் நோயாளியின் அடிக்கோடு ஃபிப்ரிலேஷன் போலவே அலைபாயும். ஆனால் ஆர் இடைவெளிகள் சீராகவே இருக்கும், உற்றுப் பார்த்தால் ஏதாவது ஒரு லீடில் பி அலையும் தெரியும். கம்பளி போர்த்திவிட்டு மறுபடி எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இதற்கு மாறாக, உண்மையான ஃபிப்ரிலேஷனிலும் வீ1 லீடில் பருத்த அலைகள் வந்து ஃப்ளட்டர் போல ஏமாற்றும். அங்கே அலைகளின் வடிவமும் இடைவெளியும் ஒன்றுபோல இருக்காது.

சீரான ஒடுங்கிய வேகத்தில் மூன்றாவதாக எஸ்விடி என்ற திடீர் வேகத் துடிப்பு இருக்கிறது. அது சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும், பெரும்பாலும் வேகம் 150ஐயும் தாண்டும். படத்தால் முடிவு கட்ட முடியாவிட்டால், மருத்துவர் மானிட்டரை ஓடவிட்டபடி ஏவி கணுவை அடைக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார். கணு சில விநாடி அடைபடும்போது எஸ்விடி என்றால் பெரும்பாலும் நின்றுவிடும். ஃப்ளட்டர் நிற்காது, ஆனால் புதைந்திருந்த வாள்பற்கள் வரிசையாக வெளியே வரும். இந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் வந்தன.

ஆனால் கூர்முனைகள் அகலமாகவும் இடைவெளிகள் ஒழுங்கற்றும் மிக வேகமாகவும் இருந்தால் அடினோசினைத் தொடவே கூடாது. மேலறையையும் கீழறையையும் இணைக்கும் உபரி மின்பாதை ஒன்று இருக்கக்கூடும். கணுவை அடைத்தால் அலைகள் அந்தப் பாதை வழியாக வடிகட்டப்படாமல் இறங்கி, கீழறையே நடுங்கத் தொடங்கலாம். அப்படிப்பட்ட படம் வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல், அதிர்ச்சிக் கருவி உள்ள வைத்தியசாலைக்கு உடனே அனுப்ப வேண்டும்.