ஒரே தொகை, நான்கு பேர், மூன்று வைப்பு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் மரண உதவிச் சங்கத்துக்குக் கணக்கெழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பேரேட்டுத் தொகைகளை வங்கிக் கூற்றோடு எக்செல்லில் ஒப்பிட்டேன். எல்லாம் ‘சரி’ என்று வந்தது. கூட்டிப் பார்த்தால் 500 ரூபாய் குறைகிறது. எப்படி?”

சந்தாப் பணம் எல்லோருக்கும் 500 ரூபாய் என்பதுதான் சிக்கல். பேரேட்டில் 3, 5, 9, 12ஆம் திகதிகளில் நான்கு 500கள். வங்கிக் கூற்றில் 6, 10, 13 என்று மூன்றுதான். அவருடைய சூத்திரம் “இந்தத் தொகை வங்கியில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்கிறது. இருக்கிறதே! நான்கு வரிக்கும் அதே பதில்தான். ஒரே சீட்டைக் காட்டி நான்கு பேர் பஸ் ஏறிய மாதிரி.

“இருக்கிறதா” என்பதை விட்டுவிட்டு, “இது எத்தனையாவது 500, வங்கியில் மொத்தம் எத்தனை 500?” என்று கேட்டால் கோளாறு தெரிந்துவிடும். பேரேட்டுத் தொகை B நிரலிலும் வங்கித் தொகை E நிரலிலும் இருந்தால், C2இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(COUNTIF(B$2:B2,B2)<=COUNTIF(E$2:E$200,B2),"சரி","")
```

எனக்கு மிகவும் பிடித்தது `B$2:B2`. டாலர் குறி போட்ட முனை ஆணியடித்தது போல நிற்கிறது, குறியில்லாத முனை மட்டும் வரியோடு இறங்குகிறது. மூன்றாவது வரியில் அது B$2:B3, ஐந்தாவது வரியில் B$2:B5. அதனால் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே உள்ளவற்றையும் தன்னையும் மட்டுமே எண்ணுகிறது. முதல் 500க்கு 1, அடுத்ததற்கு 2, அப்புறம் 3, 4. இடையில் 1,200 ரூபாய் வரி வந்தாலும் எண்ணிக்கை குழம்பாது, அது தன் கணக்கில் 1 என்று தொடங்கும். வங்கியில் மூன்றே இருப்பதால், நான்காவது 500 வெறுமையாக நிற்கும். வங்கி வரிகளை எங்கேயும் அழிக்கவோ ஒதுக்கவோ இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் பயன்படவில்லை.

இதே சூத்திரத்தை B, E இடம் மாற்றி வங்கிப் பக்கமும் போட்டால், பேரேட்டில் எழுதாமல் விட்ட வைப்புகளும் கட்டணங்களும் தெரியும். வங்கி ‘வரவு’ என்று காட்டுவது நம் காசேட்டில் பற்று என்பதால், முதலில் இரண்டு பக்கமும் குறியை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். சூத்திரம் 12ஆம் திகதி வரியை வெறுமையாக விட்டது, அது வரிசையில் கடைசி என்பதால்தான். உண்மையில் 12ஆம் திகதிப் பணம் 6ஆம் திகதியோ 10ஆம் திகதியோ வங்கிக்குப் போயிருக்க முடியாது, ஆனால் 13ஆம் திகதி வைப்பு அதனுடையதாக இருக்கலாம். அப்படியானால் விடுபட்டது அதற்கு முந்தைய மூன்றில் ஒன்று. எத்தனை விடுபட்டன என்பதைச் சூத்திரம் சொல்லும், யாருடையது என்பதைச் சொல்லாது. பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டு எழுதினாலும் அதுதான் நிலைமை. பற்றுச்சீட்டுகளைத்தான் புரட்ட வேண்டும்.

இரண்டு பேருடைய சந்தாவைச் சேர்த்து 1,000 ரூபாயாக ஒரே வைப்பில் போட்டிருந்தாலும் இது பிடிக்காது. வெறுமையான வரிகள் இரண்டு, வங்கிப் பக்கம் வெறுமையான 1,000 ஒன்று என்று நின்றால், முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன்.