ஓ.டி. பணம் வரவில்லை என்றால் மனிதவளப் பிரிவுக்கு எப்படி எழுதுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலை. சிவகங்கையிலிருந்து பெர்மிட்டில் வந்த ஒரு தம்பி அங்கே ரேம்ப்பில், மண்டோர் என்கிற மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்கிறார். லாரியில் வரும் பழக்குலைகளை இறக்கித் தரம் பார்த்துத் தள்ளுகிற வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சனிக்கிழமை நண்பகலோடு சரி. ஆகஸ்ட், செப்டம்பரில் பழம் குவியும். வெட்டிய குலையைப் போட்டு வைத்தால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், லாரி வரும்வரை ஆள் நிற்க வேண்டும். ஆறு, ஆறரை வரை நிற்பது அந்த மாதங்களில் வழக்கமாகிவிடும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் வந்தது 'ஓ.டி. அலவன்ஸ் 150' என்ற ஒரே வரி. இரண்டு மாதமும் அதே 150.

கோபத்தில் அவர் கைப்பேசியில் அடித்து வைத்திருந்த கடிதம் இது:

"சார், ரெண்டு மாசமா ஓ.டி. காசு ஒழுங்கா வரல. மாடு மாதிரி உழைக்கிறோம், நீங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து எங்க காசைத் திங்கிறீங்க. மண்டோர்கிட்ட கேட்டா ஆபீஸ்ல கேளுங்குறாரு, ஆபீஸ்ல கேட்டா மண்டோர்கிட்ட கேளுங்குறாங்க. இந்த வாரத்துக்குள்ள காசு வரலன்னா போலீசுக்குப் போவேன், எம்பசிக்குப் போவேன், பேஸ்புக்ல போடுவேன்."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற மனிதவள அதிகாரிக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று எதுவும் தெரியாது. பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூட இதில் இல்லை. திட்டுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு அவர் கோப்பை மூடிவிடலாம். போலீஸ் மிரட்டலும் வீண். சம்பளப் பாக்கியை விசாரிப்பது தொழிலாளர் இலாகா, அதாவது லேபர் ஆபீஸ்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்த்துவிடலாம். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம்தான் அடிப்படை. சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள். இந்தச் சட்டம் உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்பது சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பு. வார வரம்பு முன்பு 48 ஆக இருந்தது, 2023 ஜனவரி முதல் 45 ஆகக் குறைந்தது. ஓ.டி. விகிதங்கள் மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பொருந்தும். ரேம்ப்பில் நிற்கிற தம்பி அதற்குள் தாராளமாக வருகிறார். ஷிப்ட்டில் வேலை செய்பவருக்கு மட்டும் 45 மணியை மூன்று வார சராசரியாகப் பார்ப்பார்கள், அவர்கள் கணக்கு வேறு மாதிரி போகும்.

இனி அவருடைய கணக்கு. மாதச் சம்பளம் 1,872 ரிங்கிட். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 72. அந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பது முக்கியமில்லை, மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் சொல்லும் வகு எண் 26தான். சில அலுவலகங்களில் 30ஆல் வகுத்துவிடுகிறார்கள், அங்கேயே பணம் குறைந்துவிடும். 72ஐ 8ஆல் வகுத்தால் மணிக்கு 9. சாதாரண நாளில் கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு, ஆக 13.50.

ஆகஸ்டில் 38 மணி, செப்டம்பரில் 44 மணி, மொத்தம் 82 மணி. அதற்கு 1,107 ரிங்கிட். செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஓய்வு நாள். அன்று 10 மணி நேரம் வேலை வாங்கியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால், மாதச் சம்பளம் போக இன்னும் ஒரு நாள் கூலி வர வேண்டும். அது 72. எட்டு மணிக்கு மேற்பட்ட இரண்டு மணிக்கு இரட்டை விகிதம், 36. செப்டம்பர் 16, மலேசியா தினம், பொது விடுமுறை. அன்றும் முழு நாள் வேலை. அதற்கு மேல்படியாக இரண்டு நாள் கூலி, 144. எல்லாம் சேர்ந்து 1,359. ஏற்கெனவே கொடுத்த 300ஐக் கழித்தால் பாக்கி 1,059 ரிங்கிட்.

அந்த 300ஐ நாமே கழித்துக் காட்டுவது முக்கியம். கழிக்காமல் அனுப்பினால், 'ஏற்கெனவே கொடுத்திருக்கிறோமே' என்ற ஒரே வரியில் மொத்தக் கணக்கையும் தள்ளிவிட வழி கிடைக்கும்.

கெடுவும் சட்டத்திலேயே இருக்கிறது. சாதாரணச் சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வர வேண்டும். ஓ.டி., ஓய்வு நாள், பொது விடுமுறைப் பணத்துக்கு மட்டும் அடுத்த சம்பள மாதத்தின் கடைசி நாள் வரை நேரம் உண்டு. ஆகஸ்ட் பணத்துக்கு செப்டம்பர் 30, செப்டம்பர் பணத்துக்கு அக்டோபர் 31. அதனால் இந்தக் கடிதம் நவம்பர் முதல் வாரத்தில் போவதுதான் சரி. அக்டோபர் நடுவில் போயிருந்தால், செப்டம்பர் பணத்துக்கு 'இன்னும் நாள் இருக்கிறதே' என்று நியாயமாகவே சொல்லியிருப்பார்கள்.

திருத்திய கடிதம் இப்படி வந்தது:

"பொருள்: ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கூடுதல் நேரச் சம்பள நிலுவை, பணியாளர் எண் ____

மதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆலையின் ரேம்ப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மண்டோர் கேட்டுக்கொண்டபடி வேலை நேரத்துக்குப் பிறகும், ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும், ஒரு பொது விடுமுறையிலும் பணி செய்தேன். என் கைரேகைப் பதிவின்படி விவரம்: ஆகஸ்ட் சாதாரண நாட்களில் 38 மணி, செப்டம்பர் சாதாரண நாட்களில் 44 மணி, செப்டம்பர் 21 ஞாயிறு 10 மணி, செப்டம்பர் 16 பொது விடுமுறை 8 மணி.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விகிதப்படி இதற்கு 1,359 ரிங்கிட் வருகிறது. இரு மாதச் சம்பளச் சீட்டுகளிலும் ஓ.டி. அலவன்ஸாக மொத்தம் 300 ரிங்கிட் பெற்றுக்கொண்டேன். மீதம் 1,059 ரிங்கிட். கணக்கை இணைத்துள்ளேன்.

மண்டோரின் நேரத்தாள் அலுவலகத்துக்கு வரும்போது சில மணிகள் விடுபட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். கைரேகைப் பதிவுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் பிழை இருந்தால் எந்த நாள், எத்தனை மணி என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

நிலுவைத் தொகையை நவம்பர் சம்பளத்துடன் வழங்குமாறும், இந்த மின்னஞ்சலுக்கு நவம்பர் 14ஆம் தேதிக்குள் பதில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவின் உதவியை நாடுவேன்.

நன்றி."

கம்பெனிக்குப் போவது பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் முழுதாக எழுதி முடித்துவிட்டு, பிறகு தெரிந்தவரிடம் மாற்றித் தரச் சொல்வது நல்லது. நேரடியாக இன்னொருவர் வாயில் சொல்லி எழுதினால் எண்கள்தான் முதலில் காணாமல் போகும்.

'சில மணிகள் விடுபட்டிருக்கலாம்' என்ற வரியைத் தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "விடுபடல, வேணும்னேதான் அண்ணே போடல" என்றார். இருக்கலாம். ஆனால் மனிதவளப் பிரிவில் இருப்பவர் ரேம்ப்பில் நின்றதில்லை. மண்டோர் தாளில் எழுதியது கிராணி என்கிற அலுவலக எழுத்தரின் மேசைக்கு வந்து, அங்கிருந்து கணினிக்குப் போகிறது. குறை எந்தக் கையில் நடந்தது என்று நமக்கு உறுதியாகத் தெரியாது. மேலாளர் தம் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டே பணத்தைக் கொடுக்க இந்த வரி வழி விடுகிறது. கடைசி வரியில் லேபர் ஆபீஸ் வருகிறது, ஒரே ஒரு முறை, எந்த அடைமொழியும் இல்லாமல். அது போதும்.

அனுப்பும் முன் சான்றுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், மண்டோர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம். 'இன்னும் மூணு லாரி இருக்கு, போயிடாதீங்க' என்று மாலை 5.40க்கு வந்த செய்தி, கம்பெனி கேட்டுத்தான் நின்றோம் என்பதைக் காட்டும். ரேம்ப் வேலைக்கு இன்னொரு சான்று உண்டு. ஒவ்வொரு லாரிக்கும் எடை போடும் இடத்தில் தேதியும் மணியும் அச்சாகும் சீட்டு வரும். கைரேகைக் கருவி அன்று வேலை செய்யவில்லை என்று சொன்னாலும், மாலை 6.20க்கு லாரி உள்ளே வந்ததை அந்தச் சீட்டு சொல்லும். சீட்டு கம்பெனியின் பொருள், எடுத்துக்கொண்டு வரக்கூடாது. லாரி எண்ணையும் நேரத்தையும் தன் நோட்டில் குறித்து வைத்தால் போதும், விசாரணையில் அசலைக் கேட்டுப் பெறலாம். பணியாளர் பதிவேட்டின் விவரங்களை ஆறு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் முதலாளிக்குச் சொல்கிறது.

வரக்கூடிய பதில்களில் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும்: 'ஒப்பந்தத்தில் 150தான் ஓ.டி. என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.' வேலைச் சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் நிபந்தனை, கையெழுத்து இருந்தாலும் அந்த அளவுக்குச் செல்லாது. சட்டத்தின் விகிதமே அந்த இடத்தில் பொருந்தும். ஒரு மாதத்துக்கு ஐந்து மணி ஓ.டி. பார்த்தவருக்கு 150 அதிகம்தான். 44 மணி பார்த்தவருக்கு அதே 150 போதாது.

நவம்பர் 14 தாண்டியும் பதில் இல்லை என்றால், பக்கத்திலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. இலாகாவின் Working for Workers செயலியிலும் புகார் செய்யலாம். இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து, பணம் கொடுக்கும்படி உத்தரவிட இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. அங்கே அதிகாரி முதலில் கேட்பது, கம்பெனியிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார்கள் என்பதுதான். மேலே உள்ள கடிதத்தை அச்செடுத்து நீட்டினால் பாதி விசாரணை அதிலேயே இருக்கும்.

பெர்மிட் பயம் நியாயமானது. பெர்மிட் அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, புதுப்பிப்பதும் அவர் கையில். அதனால் பெர்மிட் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வழக்கு நடக்கும்போது பெர்மிட் முடிந்தால் இமிகிரேஷனில் ஸ்பெஷல் பாஸ் கேட்கலாம், ஆனால் அது தங்குவதற்குத்தான், வேறு இடத்தில் வேலை செய்ய அல்ல. நான்கைந்து மாதமாவது மீதமிருக்கும்போதே புகாரைத் தொடங்குவது நல்லது. ரேம்ப்பில் இதே 150ஐ வாங்கிய மற்றவர்களும் இருப்பார்கள். அவரவர் மணிக்கணக்கைத் தனித்தனியே எழுதி, ஒரே வாரத்தில் எல்லோரும் அனுப்பினால், ஒருவரை மட்டும் குறி வைப்பது அலுவலகத்துக்குச் சிரமம்.