பவரை ரத்து செய்துவிட்டீர்கள், வங்கிக்குத் தெரியுமா?

பவர் பத்திரத்தைக் கொடுத்தவர் பொதுவாக அதை ஒருதலையாகவே ரத்து செய்துவிடலாம். பவர் வாங்கியவருக்கு, பவரில் அடங்கிய சொத்திலேயே சொந்த உரிமை இருந்தால் மட்டும் அப்படி முடியாது. கொடுத்த கடனுக்கு ஈடாகப் பவர் வாங்கியிருப்பவர் இதற்கு உதாரணம். பதிவு செய்த பவர் என்றால் ரத்து ஆவணத்தையும் பதிவு செய்வதே சரி.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ரத்து ஆவணத்தில் கையெழுத்திட்டதும் பவர் எல்லோருக்கும் செத்துப்போவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 208-இன்படி, முகவரை, அதாவது பவர் வாங்கியவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவரும்போதும், மூன்றாம் நபரைப் பொறுத்தவரை அந்த நபருக்குத் தெரியவரும்போதும்தான் ரத்து நடைமுறைக்கு வரும்.

3ஆம் தேதி ரத்து, 4ஆம் தேதி முகவர் கையில் கடிதம், 9ஆம் தேதி வங்கிக்குத் தகவல் என்று வைத்துக்கொள்வோம். 6ஆம் தேதி முகவர் காசோலை போட்டுப் பணம் எடுத்திருந்தால், விஷயம் தெரியாமல் கொடுத்த வங்கியைப் பிடிக்க முடியாது. முகவர் மீதுதான் வழக்கு. எனவே முகவருக்கும் வங்கிக்கும் ஒரே நாளில் தெரிவியுங்கள். முடிந்தால் வங்கிக்கு முதலில்.

கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனிக் கடிதம் வேண்டும். பவர் பத்திரத்தின் தேதியும் பதிவு எண்ணும், ரத்தான தேதி, கணக்கு எண்கள், வைப்பு நிதி, லாக்கர் எல்லாம் அதில் இருக்கட்டும். ரத்து ஆவணத்தின் நகலை இணையுங்கள். முகவர் ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளில் எந்த எண்களுக்குப் பணம் தரலாம், எவற்றை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வங்கியின் முத்திரை, தேதி, நேரத்தோடு உங்கள் பிரதியில் ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பினால், தகராறு வரும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.

கடிதம் போனாலும், முகவரிடம் இணைய வங்கிக் கடவுச்சொல் இருந்தால் கணக்கு திறந்தேதான் கிடக்கும். கடவுச்சொல்லை மாற்றுங்கள்; கார்டை முடக்குங்கள். ஓடிபி அவர் கைபேசிக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, முகவர் உங்கள் பெயரில் யார் யாரோடு புழங்கினாரோ அவர்களுக்கெல்லாம் பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீடு போஸ்ட்: வாடகை கட்டும் குடித்தனக்காரர், பங்குத் தரகர், டீமேட் நிறுவனம், காப்பீட்டு நிறுவனம், வழக்கு நடத்தும் வக்கீல், பேச்சுவார்த்தையில் இருக்கும் வீடு வாங்குபவர். குடித்தனக்காரருக்குச் சொல்லாவிட்டால், அவர் நல்லெண்ணத்தில் முகவரிடம் கட்டிய வாடகையை மறுபடி கேட்க முடியாது. நாளிதழ் விளம்பரம் முகம் தெரியாதவர்களுக்காக. தெரிந்தவர்களுக்குக் கடிதமே வேண்டும்.

மூலப் பத்திரத்தையும் சான்றிட்ட நகல்களையும் முகவரிடமிருந்து திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால், ‘மூலப் பத்திரம் இன்னும் அவரிடமே உள்ளது, அதைக் காட்டினாலும் ஏற்க வேண்டாம்’ என்ற ஒரு வரியை எல்லாக் கடிதங்களிலும் சேர்த்துவிடுங்கள்.