டேட்டா தீர்ந்த ராத்திரியில எந்த லிங்க் திறக்கும்?

பத்தாங்கிளாஸ் மின்னோட்டவியல் பாடத்துக்கு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிங்க் போடணும்னு வைங்க. படம், அனிமேஷன் எல்லாம் இருக்குற பெரிய பக்கத்த போடலாம், இல்ல அதே விஷயத்த எழுத்தா மட்டும் வச்சிருக்குற சின்ன பக்கத்த போடலாம். வைஃபைல உக்காந்து அனுப்புறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், பட்டுன்னு திறந்துரும். வித்தியாசம் தெரியறது அந்தப்பக்கம் பையன் கையில இருக்குற போன்லதான்.

நம்ம ஊர்ல நெறைய பேர்கிட்ட இருக்குறது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான். அந்தக் கணக்குல பாத்தா ஒரு 2.4 எம்பி பக்கம் தூசுதான், அதனால "எழுத்து மட்டும் எதுக்கு, டேட்டாதான் நெறைய இருக்கே"ன்னு கேக்கத் தோணும். ஆனா அந்த போன் வீட்டுக்கே ஒரு போன், பகல்ல அப்பா கையில இருக்கும், சாயந்திரம் அக்கா வீடியோ பாப்பா, பையன் கைக்கு வர்றப்ப மணி ஒன்பது, 1.5 ஜிபி எப்பவோ தீந்திருக்கும். தீந்ததுக்கப்புறம் நெட் கட் ஆகறதில்ல, பல பிளான்கள்ல 64 கேபிபிஎஸ்னு ஸ்பீட இறக்கிருவாங்க. இங்க கேபிங்கறது கிலோபிட், பக்கத்தோட எடையில வர்ற கேபிதான் கிலோபைட், 64ஐ 8 ஆல வகுத்தா நொடிக்கு 8 கிலோபைட். மொத்தக் கதையும் இந்த 8ல தான் இருக்கு.

அந்த 2.4 எம்பி பக்கத்த பிரிச்சு பாப்போம், ஒரு உதாரணத்துக்கு இப்படி வச்சுக்கலாம்: பாடம் இருக்குற எச்டிஎம்எல் 60 கேபி, ஃபாண்ட் 240 கேபி, ஜாவாஸ்கிரிப்ட் 800 கேபி, மீதி 1,300 கேபி படங்களும் விளம்பரமும். மொத்தம் 2,400 கேபி, நொடிக்கு 8ன்னா 300 நொடி, அஞ்சு நிமிஷம். அதுவும் எதுவும் அறுந்து போகாம வந்தாதான். இதுல பையனுக்கு வேணுங்கிற ஓம் விதி அந்த 60 கேபிக்குள்ளயே இருக்கு, அது எட்டு நொடியில வந்துருது, ஆனாலும் ஸ்க்ரீன் வெள்ளையாவே நிக்கும். காரணம், ஸ்டைல் ஃபைல் வந்து சேர்ற வரைக்கும் பிரவுசர் எதையும் வரையாது, சில பக்கங்கள்ல பாடமே எச்டிஎம்எல்ல இருக்காது, ஜாவாஸ்கிரிப்ட் முழுசா இறங்கி ஓடுனதுக்கப்புறம் அதுதான் பாடத்த எடுத்துட்டு வந்து காட்டும். இது எந்த வகைன்னு கண்டுபிடிக்க லேப்டாப்ல அட்ரஸுக்கு முன்னாடி `view-source:` னு சேத்து திறந்து, பாடத்துல இருந்து ஒரு வரிய தேடிப் பாருங்க. அந்த வரி கிடைக்கலன்னா அந்தப் பக்கம் 64 கேபிபிஎஸ்ல கிட்டத்தட்ட திறக்கவே திறக்காதுன்னு வச்சுக்கலாம்.

இப்ப எழுத்து மட்டும் இருக்குற பக்கத்துக்கு வருவோம். தமிழ் யூனிகோட் ரொம்ப இடம் பிடிக்கும்னு ஒரு பேச்சு இருக்கு, அது பாதி நிஜம்தான். யூடிஎஃப்-8ல இங்கிலீஷ் எழுத்துக்கு 1 பைட், தமிழுக்கு 3 பைட், "கொ" மாதிரி உயிர்மெய்க்கு ரெண்டு குறியீடு சேந்து 6 பைட். ஆயிரம் வார்த்தை பாடம்னா சுமாரா 25 கேபி ஆயிரும். ஆனா சர்வர் அத அப்படியே அனுப்பாது, ஜிசிப் பண்ணி சுருக்கித்தான் அனுப்பும், அங்கதான் தமிழுக்கு ஒரு லாபம். எந்தத் தமிழ் எழுத்த எடுத்தாலும் முதல் பைட் `E0`, ரெண்டாவது பைட் `AE` இல்லன்னா `AF`, அவ்வளவுதான், மூணாவது மட்டும்தான் உண்மையில மாறுது. திரும்பத் திரும்ப வர்றத சுருக்குறதுதான் ஜிசிப்போட வேலையே, அதனால 25 கேபி நாலுல ஒரு பங்கு பக்கமா, 6 கேபி மாதிரி ஆயிரும். பாதுகாப்பான கனெக்‌ஷன் போட சர்வரும் போனும் பேசிக்கிறதுக்கே இன்னொரு சில கேபி போகும், அதையும் சேத்தா கூட ரெண்டு மூணு நொடியில முழுப் பாடமும் ஸ்க்ரீன்ல. அஞ்சு நிமிஷம் எங்க, இது எங்க!

ரீடர் மோடு இருக்கே, அதுல படிச்சா போதுமேன்னு சிலர் சொல்றாங்க. அது டேட்டாவுக்கு உதவாது, பக்கத்த எல்லா சுமையோடயும் இறக்குனதுக்கப்புறம்தான் அது மத்ததெல்லாம் மறைக்குது. முன்ன குரோம்லயே லைட் மோடுன்னு ஒண்ணு இருந்துச்சு, பக்கம் போனுக்கு வர்றதுக்கு முன்னாடியே எடைய குறைக்கறதுக்குன்னே வச்சது, 2022ல அத எடுத்துட்டாங்க. ஓபரா மினி இன்னும் அவங்க சர்வர்லயே சுருக்கித்தான் அனுப்புது, ஆனா அத எத்தன பசங்க போட்டு வச்சிருப்பாங்க. அதனால சுமைய குறைக்கிற வேலை இப்ப லிங்க் கொடுக்குறவங்ககிட்டதான் வந்து நிக்குது.

பாடத்த அப்படியே ஒரு `.txt` ஃபைலா ஏத்திட்டா சர்வர் யூடிஎஃப்-8னு சொல்லாத பட்சத்துல "தமிழ்"ங்கறதே `à®¤à®®à®¿` ன்னு ஆரம்பிச்சு குப்பையா தெரியும். அதுக்கு சின்ன எச்டிஎம்எல்லே மேல்:

```html
<!doctype html>
<html lang="ta">
<meta charset="utf-8">
<meta name="viewport" content="width=device-width">
<title>ஓம் விதி</title>
<p>வெப்பநிலை மாறாம இருந்தா...</p>
```

இதுல ஃபாண்ட் லிங்க் எதுவும் சேக்காதீங்க, இப்ப வர்ற போன்ல தமிழ் ஃபாண்ட் ஏற்கனவே இருக்கு. எழுத்து பத்தாத இடம்னு பாத்தா சர்க்யூட் படம்தான். பேட்டரி, ரெசிஸ்டர், அம்மீட்டர் தொடரா எங்க வருது, வோல்ட்மீட்டர் பக்க இணைப்புல எங்க வருதுன்னு வார்த்தையில சொல்லி புரியவைக்கறது கஷ்டம், ஆனா அது வெறும் கோடுதானே, எஸ்விஜிங்கற கோட்டுப்பட ஃபைலா வரைஞ்சா அஞ்சு கேபிக்குள்ள முடிஞ்சுரும். அதையே புத்தகத்துல இருந்து ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கிட்டா ஒரு பக்கமே ஒரு எம்பி தாண்டலாம். பிடிஎஃப்னாலே லேசுன்னு நெனைக்காதீங்க, உள்ள இருக்கறது எழுத்தா போட்டோவான்னு பாக்கணும், வரிய விரல் வச்சு செலக்ட் பண்ண முடியலன்னா அது போட்டோ.

அனுப்புறதுக்கு முன்னாடி எடை பாக்கறதும் பெரிய வேலை இல்ல. லேப்டாப் குரோம்ல எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப்ல `Disable cache` டிக் பண்ணி பக்கத்த மறுபடி லோட் பண்ணுங்க, கீழ `transferred` னு ஒரு நம்பர் வரும், போன்ல இறங்கப் போறது கிட்டத்தட்ட அதுதான். பக்கத்துலயே `resources` னு இன்னும் பெரிய நம்பர் இருக்கும், அது சுருக்கத்த விரிச்சதுக்கப்புறம் உள்ள சைஸ், அத பாத்து பயப்பட வேணாம். ஆனா கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிட்டு பாருங்க, நெறைய பக்கங்கள் கீழ போகப் போகத்தான் படங்கள இறக்கும்.

அப்ப கனமான லிங்க் வேணவே வேணாமான்னா, அப்படி இல்ல. வோல்டேஜ ஏத்தி இறக்கி கரண்ட் எப்படி மாறுதுன்னு பசங்க தானே செஞ்சு பாக்கணும்னா எழுத்து அதுக்கு ஈடாகாது. கொலராடோ யுனிவர்சிட்டியோட ஃபெட் சிமுலேஷன்கள் அதுக்குன்னே இருக்கு, கனம் சில எம்பி வரும், ஆனா ஒரே எச்டிஎம்எல் ஃபைலா டவுன்லோட் பண்ணிக்கலாம், அப்புறம் நெட் இல்லாமலே ஓடும். அத குரூப்ல லிங்கா போடறதுக்கு பதிலா ஸ்கூல்லயே ஒரு தடவ இறக்கி, பசங்க போனுக்கு புளூடூத்லயோ குயிக் ஷேர்லயோ தள்ளி விடுங்க. குரூப்ல போற மெசேஜ்ல எழுத்துப் பக்கத்து லிங்க் முதல்ல, பெரிய பக்கம் அதுக்குக் கீழ, ரெண்டுக்கும் பக்கத்துல 12 கேபி, 2.4 எம்பின்னு எடைய போட்டுருங்க. டேட்டா மிச்சம் இருக்குற பையன் பெரியத திறக்கட்டும், தீந்துபோனவன் சின்னத திறப்பான்.