சொல் விளக்கம்: அணி அடுக்கேற்றம்

நிரலாளர்கள் பேச்சில் இது 'மேட்ரிக்ஸ் எக்ஸ்போனென்சியேஷன்'. ஓர் அணியைத் தன்னாலேயே பல முறை பெருக்கி வரும் அடுக்கை, அத்தனை முறை பெருக்காமலே கண்டுபிடிப்பது என்று பொருள். ஃபிபனாச்சி எண்களை வேகமாகக் கணிக்கத்தான் பெரும்பாலானோர் இதை முதலில் சந்திக்கிறார்கள். 'மடக்கை நேரத்தில் முடிந்துவிடும்' என்ற விளக்கமும் கூடவே வரும். அந்த விளக்கம் பாதிதான் உண்மை. அதற்கு வருவோம், முதலில் சொல்.

'மேட்ரிக்ஸ்' இலத்தீனில் கருப்பை. கணிதத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர், 1850இல். எண்களைக் கட்டமாக அடுக்கி, சில நிரைகளையும் நிரல்களையும் நீக்கினால் அதிலிருந்து பல அணிக்கோவைகள் பிறக்கின்றன. அவற்றைப் பெற்றுத்தரும் கட்டம் என்பதால் அந்தப் பெயர். ஆக அங்கே அணிக்கோவை முந்தியது, அணி பிந்தியது. தமிழில் 'அணி'யிலிருந்தே 'அணிக்கோவை' என்ற பெயரை அமைத்துக்கொண்டதால் இந்த வரலாறு தலைகீழாகத் தெரிகிறது. ஆனால் 'அணி' நல்ல சொல். அணிவகுப்பு, அணி அணியாக என்று வரிசையைக் குறித்து ஏற்கனவே புழங்குவது. நிரையும் நிரலுமாக நிற்கும் எண்களுக்கு இடுக்கில்லாமல் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் இதே பொருளுக்குத் 'தாயம்' என்று இருக்கும்.

'எக்ஸ்போனென்ட்' என்பதற்கு இலத்தீனில் 'வெளியே எடுத்து வைப்பது' என்று வேர்ப்பொருள். கணிதத்தில் அதைப் பதித்தவர் மைக்கேல் ஷ்டீஃபெல், 1544இல் வந்த நூலில். தமிழில் அடுக்கு, இலங்கையில் சுட்டி. அடுக்குக்கு உயர்த்தும் செயலுக்கு 'அடுக்கேற்றம்' என்பதே எனக்குப் பிடித்தது. 'அடுக்குப் பெருக்கல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் 'அணி அடுக்குக்குறிச் சார்பு' என்று எழுதிவிடக் கூடாது. அது e என்ற எண்ணின் அடுக்கில் அணியை வைப்பது, வகைக்கெழுச் சமன்பாடுகளில் வருவது. ஆங்கிலப் பெயர்கள் ஒட்டிப் பிறந்தவை போல இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

மூன்றாவது சொல் 'ரெக்கரன்ஸ்'. திரும்ப ஓடிவருவது என்று பொருள். ஓர் உறுப்பைத் தனக்கு முந்தைய உறுப்புகளைக் கொண்டு சொல்லும் விதி அது. 'மீள்வரு தொடர்பு' என்று வைத்துக்கொள்ளலாம். முந்தைய உறுப்புகளை மாறிலிகளால் பெருக்கிக் கூட்டுவது மட்டுமே விதியானால் அது நேரியல் மீள்வரு தொடர்பு.

சரி, அணி இதற்குள் எப்படி வந்தது? ஃபிபனாச்சி விதி F(n+1) = F(n) + F(n-1). ஒரு படி முன்னேற இரண்டு எண்களைக் கையில் வைத்திருந்தால் போதும். அந்த இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு நிரலாக எழுதினால், ஒரு படி என்பது ஓர் அணியால் பெருக்குவதே:

```
| F(n+1) |   | 1  1 |   | F(n)   |
| F(n)   | = | 1  0 | × | F(n-1) |
```

அந்த 2×2 அணியை Q என்போம். n படிகள் என்றால் Q அணியின் n ஆம் அடுக்கு. அந்த அடுக்குக்குள்ளேயே விடை உட்கார்ந்திருக்கும்: மேல் நிரையில் F(n+1), F(n), கீழ் நிரையில் F(n), F(n-1).

n = 13 எடுத்துச் செய்து பார்ப்போம். 13ஐ இரும எண்ணில் எழுதினால் 1101, அதாவது 8 + 4 + 1. எனவே Q^8, Q^4, Q ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கத்திலிருந்து வருகிறது:

```
Q^2 = | 2  1 |   Q^4 = | 5  3 |   Q^8 = | 34  21 |
      | 1  1 |         | 3  2 |         | 21  13 |
```

இப்போது Q^8ஐ Q^4ஆல் பெருக்குகிறோம். இடது மேல் மூலையில் 34×5 + 21×3 = 233, அதன் வலப்பக்கம் 34×3 + 21×2 = 144. கீழ் நிரையில் 144, 89. இது Q^12. இன்னொரு முறை Q ஆல் பெருக்கினால் மேல் நிரை 377, 233. கீழ் நிரை 233, 144. F(13) = 233. மூன்று வர்க்கம், இரண்டு பெருக்கல், மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றாகப் பெருக்கியிருந்தால் 12.

இங்கேயே ஒரு சரிபார்ப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. Q அணியின் அணிக்கோவை -1. பெருக்கலில் அணிக்கோவைகளும் பெருகும் என்பதால் n ஆம் அடுக்கின் அணிக்கோவை n ஒற்றையானால் -1, இரட்டையானால் 1. மேலே 377×144 - 233×233 = 54288 - 54289 = -1. நடுவில் எங்காவது பிசகியிருந்தால் பெரும்பாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

வர்க்கம் எடுத்து எடுத்து அடுக்கை எட்டும் இந்த உத்தி புதிதல்ல. பிங்கலரின் பழைய சமஸ்கிருத யாப்பு நூலிலேயே 2இன் அடுக்குகளைக் கணிக்க, பாதியாக்கு, ஒற்றையானால் ஒன்றைக் கழி என்ற வழி வருகிறது. அங்கே எண்; இங்கே அணி. பெருக்கல் சேர்ப்பு விதிக்கு உட்பட்டால் போதும், உத்திக்கு வேறொன்றும் தேவையில்லை.

பைத்தான் நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def perukku(a, b, m):
    return [[sum(x*y for x, y in zip(r, c)) % m
             for c in zip(*b)] for r in a]

def adukku(a, n, m):
    k = len(a)
    vidai = [[int(i == j) for j in range(k)]
             for i in range(k)]
    while n:
        if n & 1:
            vidai = perukku(vidai, a, m)
        a = perukku(a, a, m)
        n >>= 1
    return vidai
```

`m` என்பது வகுத்து மீதி எடுக்கும் எண்; அது ஏன் என்பது பின்னால் வரும். `vidai` அலகு அணியாகத் தொடங்குகிறது. n இன் கடைசி இரும இலக்கம் 1 ஆனால் அப்போதைய வர்க்கம் விடையோடு சேரும். n எத்தனை இரும இலக்கம் கொண்டதோ அத்தனை சுற்று. n = 10^18 ஆனாலும் 60 சுற்றுதான்.

இப்போது நேரக் கணக்கு. k×k அணிகள் இரண்டைப் பள்ளி முறையில் பெருக்க k^3 எண் பெருக்கல்கள் வேண்டும். சுற்றுக்கு அதிகபட்சம் இரண்டு அணிப் பெருக்கல். ஆகவே மொத்தம் O(k^3 log n). ஃபிபனாச்சிக்கு k = 2, மாறிலி; எனவே O(log n). பாடங்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன.

ஆனால் O(log n) என்பது பெருக்கல்களின் எண்ணிக்கை, நேரம் அல்ல. ஒரு பெருக்கலுக்கு எப்போதும் ஒரே நேரம் ஆகும் என்றால்தான் இரண்டும் ஒன்று. F(n) ஏறக்குறைய 0.694n பிட் நீளமுள்ளது. F(1000000) என்ற எண்ணுக்கு 208988 இலக்கங்கள். விடையை எழுதி முடிக்கவே n அளவுக்கு நேரம் ஆகும்போது, முழு விடையை log n நேரத்தில் எப்படித் தர முடியும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசி வர்க்கத்தில் எண்கள் n பிட் அளவில் இருக்கும், அதற்கு முந்தையதில் பாதி, அதற்கும் முந்தையதில் கால். பள்ளி முறைப் பெருக்கலுக்கு நீளத்தின் வர்க்கம் நேரம் என்றால், செலவுகள் 1, 1/4, 1/16 என்று குறைந்துகொண்டே போகும். எல்லாம் சேர்ந்தாலும் கடைசிப் பெருக்கலின் 4/3 மடங்குதான். மொத்தம் O(n^2). சாதாரணச் சுழலில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால்? n கூட்டல்கள், ஒவ்வொன்றும் n பிட் வரை. அதுவும் O(n^2). வேகம் என்று கொண்டாடிய முறையும் எளிய சுழலும் ஒரே தரத்தில் நிற்கின்றன!

வித்தியாசம் எங்கே வரும் என்றால், பெரிய எண்களைப் பெருக்க நல்ல வழி இருக்கும்போது. பைத்தான் பெரிய முழுஎண்களுக்குக் கரட்சூபா முறையைப் பயன்படுத்துகிறது; அதில் பெருக்கல் ஏறத்தாழ n^1.585. அப்போது அணி முறையின் மொத்தச் செலவும் அதே தரத்துக்கு இறங்கும், சுழலோ n^2இலேயே நிற்கும். அதாவது லாபத்தைத் தருவது அணி மட்டுமல்ல, வேகமான பெருக்கலும்தான்.

விடையை ஏதாவது ஓர் எண்ணால் வகுத்த மீதி மட்டும் போதும் என்றால் கதையே வேறு. போட்டிகளில் வழக்கமாக வரும் 10^9+7 ஆல் மீதி எடுத்துக்கொண்டே போனால் எண்கள் வளரவே வளராது. அங்கே O(log n) உண்மையான நேரம். அணி முறை நிஜமாகவே பளிச்சிடுவது இந்த இடத்தில்தான்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 64 பிட் குறியுள்ள முழுஎண்ணில் அதிகபட்சம் சுமார் 9.22×10^18 கொள்ளும். மீதிகள் இரண்டின் பெருக்கல் 10^18ஐச் சற்றே தாண்டலாம். நிரையையும் நிரலையும் பெருக்கிக் கூட்டி, கடைசியில் ஒரே முறை மீதி எடுத்தால், ஒன்பது பெருக்கல்கள் வரை தாங்கும், பத்தாவதில் வழியலாம். ஆகவே k = 9 வரை சரியாக ஓடிய நிரல் k = 10இல் அபத்தமான விடை தரலாம், சில நேரம் எதிர்க்குறியோடு. சிறிய சோதனைகளில் இது கண்ணில் படாது. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதி எடுத்துவிடுவதே நல்லது. பைத்தானில் இந்தக் கவலை இல்லை.

அப்புறம் மற்றத் தொடர்புகள். f(n) = 2f(n-1) + f(n-3) + 5 என்று ஒன்று வந்தால்? இங்கே f(n-2) இல்லை, ஆனாலும் நாம் பெருக்கும் நிரலில், அதாவது நிலையில், அது இருந்தாக வேண்டும், அடுத்த படியில் அதுவே f(n-3) ஆகப் போகிறது. தனியாக நிற்கும் 5க்காக நிலையில் 1 என்ற எண்ணையும் சேர்த்துக்கொள்கிறோம்:

```
| f(n)   |   | 2  0  1  5 |   | f(n-1) |
| f(n-1) |   | 1  0  0  0 |   | f(n-2) |
| f(n-2) | = | 0  1  0  0 | × | f(n-3) |
| 1      |   | 0  0  0  1 |   | 1      |
```

f(0) = 1, f(1) = 1, f(2) = 2 என்றால் முதல் நிரை தருவது 2×2 + 0×1 + 1×1 + 5×1 = 10. அதுதான் f(3). தொடக்க நிரலின் தலையில் f(2) இருப்பதால் f(n) வேண்டுமென்றால் n-2 ஆம் அடுக்கு, n ஆம் அடுக்கு அல்ல. இந்த இடறல்தான் எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது. f(3)ஐக் கையால் போட்டு ஒப்பிட்டாலே பிடிபட்டுவிடும்.

k பெரிதாகும்போது k^3 கடிக்கத் தொடங்கும். k = 100, n = 10^18 என்றால் அதிகபட்சம் 120 அணிப் பெருக்கல், மொத்தம் 12 கோடி எண் பெருக்கல்; சமாளிக்கலாம். k = 1000 ஆனால் அதுவே 12 ஆயிரம் கோடி. அந்த நிலையில் அணியை விட்டுவிட்டு, அதன் சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவையால் x^n ஐ வகுத்து மீதி காணும் வழிக்குப் போவார்கள். செலவு O(k^2 log n). f(n-1)×f(n-2) போல உறுப்புகளே ஒன்றையொன்று பெருக்கும் தொடர்பு வந்தால் இந்த அணி அப்படியே உதவாது, அது நேரியல் இல்லை.